பிக்சல் ஸ்பிரைட்டுகளின் பின்னணி நீக்கத்தை வெளியில் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடி வழியாகப் பொள்ளாச்சிக்குச் செல்லும் லாரியை மையமாக வைத்து நான் உருவாக்கும் சிறு விளையாட்டுக்காக, ஸ்பிரைட் தொகுப்பு ஒன்றைப் பாலக்காட்டிலுள்ள ஒரு கிராஃபிக்ஸ் நிறுவனத்திடம் முன்பணத்துடன் ஒப்படைத்தேன். படங்கள் அனைத்தும் பி.என்.ஜி. கோப்புகள், பின்னணி முழுவதும் `#FF00FF` என்ற ஒரே மெஜந்தா. அந்த ஒரு நிறத்தை மட்டும் டாலரன்ஸ் பூஜ்யத்தில் நீக்கி, பிறகு இருமடங்காகப் பெரிதாக்க வேண்டும் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தேன்.

திரும்பி வந்த படத்தில், லாரியின் முகப்பில் கட்டியிருந்த காகிதப்பூ மாலை இருந்த இடத்தில் ஓட்டைகள் தெரிந்தன. வண்டியைச் சுற்றிலும் மங்கிய ஊதாக் கோடு ஒன்று படிந்திருந்தது. கேட்டபோது, "உங்கள் திரையின் கோளாறு, சார்" என்றார்கள். திருத்தித் தரத் தனிக் கட்டணமும் கேட்டார்கள்.

திரையில் கோளாறு இல்லை. அவர்கள் முதலில் மென்மையாக்கும் முறையில் படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அப்போது `#1A1C2C` என்ற கருமையான எல்லைக்கோடும் மெஜந்தாவும் கலந்து, மூலத்தில் இல்லாத இடைநிறங்கள் விளிம்பில் உண்டாகின்றன. முக்கால் பங்கு கோடும் கால் பங்கு மெஜந்தாவும் சேர்ந்தால் `#531561` வரும். என் கோப்பின் விளிம்பில் இருந்தது அதுதான். இடைநிறங்களைத் துடைப்பதற்காக டாலரன்ஸை 20 சதவீதத்துக்கு உயர்த்தியிருக்கிறார்கள் (இதை அவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள்). மெஜந்தாவுக்கு நெருக்கமான இடைநிறம் அதில் போய்விட்டது. `#531561` தூரத்தில் இருப்பதால் தப்பிவிட்டது. பூவின் `#D91EC8` மட்டும் அநியாயமாக அகப்பட்டுக்கொண்டது. இன்னும் உயர்த்தியிருந்தால் ஊதாக் கோடும் போயிருக்கலாம், ஆனால் அதனுடன் வேறு எந்தெந்த நிறங்கள் போயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே விருப்பமில்லை.

வரிசையை மாற்றினால் போதும்: கலப்பு நேராத மூலத்திலேயே நிறத்தை நீக்கிவிட்டு, அதன் பிறகு பிக்சல்களை அப்படியே இரட்டிக்க வேண்டும். இமேஜ்மேஜிக்கில் இது ஒரே வரி. இரண்டாவது வரி நிறங்களை எண்ணிக் காட்டும்.

```
magick lorry.png -fuzz 0% -transparent "#FF00FF" -sample 200% out.png
magick identify -format "%k" out.png
```

மூலத்தில் 16 நிறங்கள் இருந்தால் முடிவிலும் 16 தான் வர வேண்டும், ஏனெனில் மெஜந்தாவின் இடத்தை ஒளிபுகும் நிறம் எடுத்துக்கொள்கிறது. எனக்குக் கொடுத்த கோப்பில் எண்ணிக்கை பல மடங்காக இருந்தது. கிம்ப்பில் செய்பவர்கள் நிறத்தின்படித் தேர்ந்தெடுக்கும் கருவியில் வரம்பைப் பூஜ்யமாக்கி, விளிம்பு மென்மையாக்கலையும் அணைத்துவிட வேண்டும். மூலமே ஜேபெக்காகச் சேமிக்கப்பட்டிருந்தால் பின்னணி ஒரே நிறமாக இருக்காது. பூஜ்ய டாலரன்ஸ் அங்கே உதவாது, வரைந்தவரிடமே அசல் கோப்பைக் கேட்க வேண்டியதுதான்.

முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை. இத்தகைய வேலையைக் கொடுக்கும் முன், பின்னணி நிறத்துக்கு நெருங்கிய நிறமுள்ள ஒரே ஒரு ஸ்பிரைட்டைச் சோதனைக்குக் கொடுத்து, திரும்பி வந்ததும் நிறங்களை எண்ணிப் பாருங்கள்.