கார்டு ரீடர் வாங்குறவங்க இத படிச்சிட்டு வாங்குங்க, எனக்கு 7,149 ரூவா போச்சு

நேத்து ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல, கோவத்துல தான் டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நான் மதுரை பக்கம் சின்னதா போட்டோகிராபி பண்றவன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, என்ன வந்தாலும் போவேன். ஞாயித்துக்கிழமை ஒரு குலதெய்வக் கோயில்ல காதுகுத்து. புள்ளையோட தாய்மாமன் முன்னாடியே சொல்லிட்டாரு, "தம்பி, கறிச்சோறு போடறதுக்குள்ள பத்து போட்டோ எனக்கு வாட்ஸ்அப்ல வந்துறணும், ஸ்டேட்டஸ் போடணும்". இப்ப எல்லாருமே இப்டித்தான் கேக்குறாங்க, லேப்டாப்ப தூக்கிட்டு கோயிலுக்கு போக முடியுமா? கார்ட கழட்டி சின்ன ரீடர்ல போட்டு போன்ல சொருகி, பத்து ஜேபெக் காப்பி பண்ணி, லைட்ட கொஞ்சம் ஏத்தி அனுப்பிருவேன். ரெண்டு வருஷமா இப்டித்தான் ஓடுது.

பழைய ரீடர் பின் ஆடிப்போச்சுன்னு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் சாமான் விக்கிற கடைக்கு போனேன். கடை பேரு வேணாம், எல்லா ஊர்லயும் இருக்குமே, சுவர் பூரா கவர் தொங்கும், அந்த மாதிரி கடை. டைப் சி ரீடர், மேல பெருசா யூஎஸ்பி 3.0ன்னு அச்சடிச்சிருக்கு, 649 ரூவா. எனக்கு யோசனையா இருந்துச்சு. அந்த பையன் டிராயர திறந்து அவனோட 16 ஜிபி கார்ட எடுத்து சொருகி அவன் போன்லயே பாட்டு வீடியோ ஓட்டி காமிச்சான். "பாத்தீங்களாண்ணே, எப்டி வழுக்கிட்டு ஓடுது பாருங்க". நான் அப்பவும் ஒண்ணு கேட்டேன், "தம்பி, கார்டுல லாக் போட்டுட்டு சொருகுனா போன் எதையும் எழுதாதுல்ல?" அதுக்கு அவன் சொன்னான், "லாக்கு கார்டுல இருக்குற விஷயம்ணே, எந்த ரீடர்ல போட்டாலும் லாக்கு லாக்கு தான், கண்ண மூடிட்டு எடுத்துட்டு போங்க".

கண்ண மூடிட்டு தான் எடுத்துட்டு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை 412 கிளிக், ரா ஃபைலும் ஜேபெக்கும் சேத்து, 64 ஜிபி கார்டு. வேப்பமரத்தடியில உக்காந்து கார்டு ஓரத்துல இருக்குற அந்த குட்டி லாக்க கீழ தள்ளி, ரீடர்ல போட்டு போன்ல சொருகுனேன். DCIM உள்ள 100CANON, எல்லாம் தெரிஞ்சுது. முப்பது போட்டோ செலக்ட் பண்ணி காப்பி குடுத்தேன். பதினொண்ணு வந்துச்சு, அப்டியே நின்னுருச்சு. ரீடர தொட்டா சுடுது. லேசா போன திருப்புனேன், டக்குனு கட் ஆயிருச்சு. மறுபடி சொருகுனா கார்டு கெட்டுப்போச்சு, ஃபார்மட் பண்ணவான்னு போன் கேக்குது. கேமராவுல திருப்பி போட்டா அதுவும் கார்டு எரர்ங்குது. வயித்த கலக்கிருச்சு.

கடைக்கு போன் போட்டேன். அந்த பையன் தான் எடுத்தான். "ஓடிஜி ஆன்ல இருக்காண்ணே?" இருக்குன்னேன். "அப்ப அந்த ஃபார்மட்ட குடுங்கண்ணே, லாக்ல தான இருக்கு, உள்ள ஒண்ணும் அழியாது, செட்டிங் மட்டும் சரியாகும்". திட்டணும்னா என்னை திட்டுங்க, இத்தன வருஷ அனுபவம் இருந்தும் அமுக்கிட்டேன். ஒரு பக்கம் தாய்மாமன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்து நிக்கிறாரு, இன்னொரு பக்கம் லாக்கு இருக்குங்குற தைரியம். லாக்ல இருக்குற கார்ட ஃபார்மட் பண்ண முடியாதுன்னு எரர் தான் வரும்னு நெனச்சேன். வரல. ரெண்டு செகண்டுல முடிஞ்சிருச்சு. 64 ஜிபியும் காலி.

நல்லவேள அதுக்கப்புறம் அந்த கார்டுல ஒரு கிளிக் கூட எடுக்கல. வேற கார்டு போட்டு மிச்சத்த எடுத்தேன். திங்கக்கிழமை டேட்டா ரெக்கவரி பண்ற ஒருத்தர்ட்ட குடுத்தேன், 4,500 ரூவா. அவரு தான் சொன்னாரு, அந்த லாக்கு கார்டுக்குள்ள ஒரு வேலையும் செய்யாதாம், வெறும் பிளாஸ்டிக். அது மேல இருக்கா கீழ இருக்கான்னு பாக்குறது ரீடர் தான். ரீடர் உள்ள அதுக்குன்னு ஒரு சின்ன சுவிட்சு இருக்கணும், விலைய குறைக்கிறவன் அத தூக்கிருவான், அப்புறம் நீங்க லாக்க போட்டா என்ன போடாட்டி என்ன. போன் சும்மா இருக்காது, கார்ட சொருகுன ஒடனே தனக்குன்னு ஒண்ணு ரெண்டு ஃபோல்டர அதுல எழுதும், LOST.DIRனு பாத்திருப்பீங்களே, அந்த மாதிரி. அப்டி எழுதிட்டிருக்கும்போது கனெக்சன் கட் ஆனா ஃபைல் எது எங்க இருக்குங்குற கணக்கு குழம்பிப்போகுமாம், எனக்கும் அதான் ஆயிருக்கும்னாரு.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய கார்டுல லாக்க போட்டு இந்த ரீடர்ல சொருகி புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு பாத்தேன். ஒரு பேச்சும் இல்லாம போட்டுச்சு. அதே கார்ட லேப்டாப்புல போட்டா எழுத முடியாதுன்னு சொல்லுது. அந்த 3.0வும் பொய்யி. 1.6 ஜிபி காப்பி பண்ண மூணு நிமிஷம் கிட்ட ஆச்சு, செகண்டுக்கு ஒம்போது எம்பி கூட தேறல, சாதா 2.0 ரீடரே முப்பது கிட்ட குடுக்கும். (நெறைய போன்ல உள்ள இருக்குறதே 2.0 தான், அதுல 3.0 ரீடர் வாங்கியும் பிரயோசனம் இல்ல, அது தனி கத.)

412ல 371 ஜேபெக் முழுசா வந்துச்சு. பேரெல்லாம் போயி வெறும் நம்பரா கெடக்கு, சிலது பாதிக்கு மேல சாம்பல் கலர். காது குத்துன நேரத்து வீடியோ தெறக்கவே இல்ல. புள்ள மாமன் மடியில உக்காந்து அழுதுச்சே, அது. அதுக்கு 2,000 ரூவா கழிச்சுக்கிட்டாங்க. 649, 4,500, 2,000, ஆக மொத்தம் 7,149.

கடைக்கு நேர்ல போனேன். பையன் "ஓனர்ட்ட பேசுங்கண்ணே"ங்குறான், ஓனர் போன எடுத்து "உங்க கார்டு டூப்ளிகேட்டா இருக்கும் சார்"ங்குறாரு. லாக்க போட்டு எழுதி காமிச்சேன். "அது போன் பிரச்சன சார்". போன மாத்தி அந்த பையன் போன்லயே காமிச்சேன். "வேணா வேற ரீடர் எடுத்துக்கோங்க, காசு திருப்பித் தர்ற பழக்கம் இல்ல". பில்லு கேட்டா வெள்ளத்தாள்ல எழுதுன துண்டுச்சீட்டு, அதுல "அக்சசரீஸ் 649"ன்னு மட்டும் தான் இருக்கு. அந்த வேற ரீடரையும் சொருகி பாத்தேன், அதுலயும் லாக்கு வேல செய்யல. 7,149 ரூவா போனவன்ட்ட அதே குப்பைய இன்னொண்ணு நீட்டுறாரு.

என்ன செய்யணும்னு விலாவாரியா எழுதணும்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல, அவசரத்துக்கு சொல்றேன். கடைக்காரன் கார்ட நம்பாதீங்க, உங்க கார்டு ஒண்ணு காலியா எடுத்துட்டு போய் லாக்க போட்டு ஒரு ஃபோல்டர் போட்டு பாருங்க, போட்டுச்சுன்னா அந்த ரீடர அங்கயே வச்சிட்டு வந்துருங்க. காப்பி மட்டும் குடுங்க, மூவ் குடுக்காதீங்க, எஜெக்ட் பண்ணாம புடுங்காதீங்க. போன் ஃபார்மட் கேட்டா யாரு சொன்னாலும் அமுக்காதீங்க, கார்ட கழட்டி பையில போடுங்க. கேமராவுல வைஃபை இருந்தா பத்து போட்டோவுக்கு அதுவே போதும், எனக்கு அந்த வசதி இல்ல.

தாய்மாமன் இப்ப கூட போன் பண்றாரு, எடுக்கல.