திருவோணத்தன்று வாங்கிய பார்சல் சத்யா

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் எங்கள் வீட்டில் ஓணச் சமையல் என்றால் உத்திராடத்தன்று காலையிலேயே தேங்காய் துருவ ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவுக்கு இப்போது முட்டிவலி. அதனால் 2025 ஓணத்துக்கு உள்ளூர் கேட்டரிங்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பைப் பார்த்து, துபாயிலிருந்தே முழுப் பணமும் கட்டி, சத்யா என்கிற ஓண இலை விருந்தைப் பார்சலாகப் பதிவு செய்தேன்.

ஐந்து பேருக்கான சத்யா, 24 கூட்டம் அதாவது 24 வகை, இரண்டு பாயசம், இலை உட்பட. பார்சல் எடுக்கும் நேரம் திருவோணத்தன்று காலை 10 முதல் 12 வரை. அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்.

ஓணத்துக்கு ஊருக்கு வந்திருந்த நான் பத்து மணிக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் தெருமுனை வரைக்கும் வரிசை. ஓணத்தன்று எல்லா வீட்டிலும் இலை போடும் நேரம் ஒன்றுதான், அதனால் எல்லாரும் பத்துக்கே வந்துவிடுகிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் கறிகள் எல்லாம் தயாராக இருந்தன. சோறு வடிக்கவில்லை, பப்படம் பொரிக்கவில்லை. அதைவிடப் பெரிய தாமதம் கட்டுவதில். ஒவ்வொரு பார்சலுக்கும் இருபதுக்கு மேல் டப்பா நிரப்பி மூட வேண்டும். அந்த மேசையில் இருந்ததோ மூன்றே பையன்கள்.

“சேட்டா, பத்து மணி என்றுதானே போட்டிருந்தீர்கள்?” என்று கேட்டேன். “சோறு இறங்கட்டும், பத்து நிமிஷம்” என்றார். பார்சல் கைக்கு வந்தபோது மணி 12.40.

துபாயில் இதே சத்யாவை முன்பதிவு செய்யும்போது அரை மணி நேரத் துண்டுகளாகக் காட்டுவார்கள். நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பதினொன்றரை என்றால் பதினொன்றரைக்குப் பை தயார். அங்கே சாப்பிடும்போதெல்லாம் ஊர் ருசி இல்லையே என்று ஏங்கியவன், இங்கே வெயிலில் நின்றுகொண்டு அந்த ஒழுங்குக்கு ஏங்கினேன்.

நேரம் போனால் போகட்டும் என்று விட முடியாது, தேங்காய்ச் சமையல் காத்திருக்காது. அவியலைச் சூடாகவே டப்பாவில் அடைத்துவிட்டார்கள். வீட்டில் திறந்தபோது மூடியின் அடியில் நீர் முத்து முத்தாக நின்றது, தயிரின் இயல்பான புளிப்பைத் தாண்டி ஓரத்தில் லேசாக ஒரு வாடை. அம்மா முகர்ந்து பார்த்து அதை இலையில் வைக்காமலே ஒதுக்கிவிட்டாள். ஓலன் தேங்காய்ப்பால் என்பதால் மறுபடி கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், ஆறினபடியே பரிமாறினோம். குறுக்கின காளனுக்கும் இஞ்சிப்புளிக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவை நாள் கணக்கில் தாங்குபவை. பப்படத்தைச் சோற்றுப் பொட்டலத்தின் மேலேயே வைத்திருந்ததால் துணி மாதிரி தொய்ந்துவிட்டது.

அடுத்தது அளவு. சாம்பார் டப்பா முக்கால் லிட்டர். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 150 மில்லி, ஒரே ஒரு தடவை ஊற்றத்தான் வரும். வீட்டில் சத்யா அப்படியா நடக்கும்? முதலில் பருப்பும் நெய்யும், அப்புறம் சாம்பார், பாயசம் முடிந்து ரசமோ மோரோ என்று சோறு திரும்பத் திரும்ப வரும். சாம்பாரை இரண்டாம் தடவை கேட்காத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. போனில் கேட்டதற்கு, “ஒரு இலைக்கு ஒரு தடவை விளம்பும் அளவுதான் கணக்கு” என்றார். கணக்கு சரிதான், ஆனால் அதை அறிவிப்பிலேயே எழுதியிருந்தால் ஏழு பேருக்கான சத்யா என்று பதிவு செய்திருப்பேன். எத்தனை கூட்டம் என்பதைவிடச் சாம்பார் எத்தனை லிட்டர், பாயசம் எத்தனை லிட்டர் என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது.

இலையும் அப்படித்தான். ஐந்தில் இரண்டுதான் நுனி இலை, மற்றவை நடுத்துண்டு. நுனி இடப்பக்கம் வரும்படி இலை போட்டு, மேல் பாதியில் இடது ஓரத்திலிருந்து உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சிப்புளி என்று வரிசையாக வைத்துப் பழகிய அம்மாவுக்கு, நுனியில்லாத இலையில் எங்கே தொடங்குவது என்றே கை ஓடவில்லை. கொல்லையில் போய் மூன்று இலை அறுத்து வந்தேன்.

ஆனால் அந்த அடைப் பிரதமனைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வெல்லம் நன்றாகச் சுண்டி, அடை கரையாமல் பல்லில் மெத்தென்று பட்டது. நேரமானதால் கெட்டிப்பட்டிருந்ததை அம்மா கொஞ்சம் சூடான தேங்காய்ப்பால் விட்டு இளக்கினாள். துபாயில் இத்தனை வருஷத்தில் இந்தப் பதத்தில் ஒரு பிரதமன் எனக்குக் கிடைத்ததில்லை. அதற்காகவே அடுத்த ஓணத்துக்கும் இவரிடம்தான் சொல்லப்போகிறேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் எத்தனை மணிக்குப் பார்சல், எத்தனை லிட்டர், நுனி இலை எத்தனை என்று எழுத்தில் வாங்கிவிடுவேன். அவியலை மட்டும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள்.