எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் சார்ஜர் தேடுற ஆப்களும்: யாழ்ப்பாணத்தில ஒரு வருசம் ஓடினாப் பிறகு

புதுசா ஸ்கூட்டர் எடுக்கிற ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது "அண்ணை, சார்ஜிங் ஸ்டேசன் காட்டுற ஆப் எது நல்லம்" எண்டுதான். நேராவே சொல்லுறன், அந்த ஆப்கள் காருக்கு. PlugShare ஐ திறந்து ஒரு புள்ளியை அமத்திப் பாருங்கோ, கீழ பிளக் வகை போட்டிருக்கும். இங்க கன பேர் நிசான் லீஃப் வச்சிருக்கிறதால சாடேமோ வரும், இல்லாட்டி டைப் 2 வரும். சாடேமோ எண்டா நூற்றுக்கணக்கான வோல்ற் டிசி, காரின்ர பற்றரிக்கே நேரா போறது, எங்கட 72 வோல்ற் ஸ்கூட்டருக்குக் கிட்டவும் கொண்டுபோகேலாது. டைப் 2 வீட்டுக் கறண்ட் தானே, ஒரு வயர் குடுத்து எடுக்கலாம் எண்டு கதைப்பினம், ஆனா அந்தச் சார்ஜர் கன்னில ஒரு சிக்னல் பின் இருக்கு, மற்றப் பக்கத்தில இருந்து வாகனம் பதில் குடுத்தால்தான் உள்ளுக்க கறண்ட் திறக்கும், சும்மா செருகினா ஒண்டும் வராது. அதால ஆப் போட்டதும் முதல் வேலையா பில்டருக்குப் போய் சாதாரண சுவர் பிளக்கை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கோ. மப் கிட்டத்தட்ட வெறுமையாகீடும். அதுதான் உங்கட உண்மையான மப்.

எங்களுக்குத் தேவை ஒரு பிளக் பொயின்ற், அவ்வளவுதான். 5 அம்பியர் சார்ஜர் எண்டாலும் சுவரில இருந்து இழுக்கிறது 2 அம்பியர் சொச்சம்தான், பழைய கடையளில இருக்கிற 5 அம்பியர் உருண்டை பின் பிளக்கே தாங்கும், அதுக்கொரு அடப்டர் சீற்றுக்குக் கீழ கிடக்கட்டும். நான் கூகிள் மப்பில தனி லிஸ்ட் ஒண்டு போட்டு, கேட்டால் பிளக் குடுக்கிற தேத்தண்ணிக் கடை, சைக்கிள் கடை எல்லாம் சேர்த்து வச்சிருக்கிறன், ஒவ்வொண்டிலயும் என்ன பின், எத்தினை மணிக்குப் பூட்டுவினம், நிழல் இருக்கோ எண்டு குறிப்பு. ஒரு வருசத்தில ஆகப் பிரயோசனப்பட்டது இந்த லிஸ்ட்தான்.

இனி ரூட் விசயம். மின்சாரக் காருக்கு ரூட் போட்டுத் தாற ABRP நல்ல ஆப், ஆனா அதில வாகனத்தின்ர செலவைக் குடுக்கிறது 110 கிலோமீற்றர் வேகத்துக்குக் கணக்குப் பண்ணி. எங்கட ஸ்கூட்டர் பள்ளத்தில தள்ளிவிட்டாலும் அந்த வேகம் வராது (யாழ்ப்பாணத்தில பள்ளமும் இல்லை). மேடு பள்ளம் இல்லாத ஊரில பற்றரியைத் தின்னுறது காத்துத்தான், அதுவும் பண்ணைப் பாலம் தாண்டி ரெண்டு பக்கமும் கடலா இருக்கிற ரோட்டுகளில.

நயினாதீவுக்குப் படகு ஏறுற குறிகட்டுவானை எடுப்பம். பண்ணையில இருந்து போக அண்ணளவா 30, வர 30. என்ர பற்றரி 72 வோல்ற் 30 அம்பியர்-அவர், பெருக்கினா 2160 வாற்-அவர். காத்தில்லாத நாளில 40இல ஓடினா கிலோமீற்றருக்கு 28 வாற்-அவர் மட்டில செலவு, போய் வர 1680, கிட்டத்தட்ட 78 வீதம், பயமில்லை. இப்ப மார்கழி, தை மாசத்து வாடைக் காத்தில போறியள் எண்டு வையுங்கோ. போகேக்க பின்காத்து, செலவு 20க்கு இறங்கும், இறங்குதுறையில நிண்டு பார்த்தா 72 வீதம் மிச்சம் இருக்கும், அட இவ்வளவுதானா எண்டு நயினாதீவு போய் அம்மனைக் கும்பிட்டுட்டு வந்து, அப்பிடியே புங்குடுதீவுக்குள்ள ரெண்டு சொந்தக்கார வீட்டுக்கும் போய்வரலாம் எண்டு மனம் சொல்லும். சொல்லக் கேக்காதேங்கோ. திரும்பேக்க அதே காத்து நெஞ்சில அடிக்கும், 40க்குப் போகும் செலவு, 30 கிலோமீற்றருக்கு 1200, அதாவது 56 வீதம். வீட்ட வந்து சேரேக்க 16. போகேக்க செலவானதைப் போல ரெண்டு மடங்கு வரேக்க. சோழகக் காலத்தில இது தலைகீழ், போகேக்க பற்றரி விறுவிறெண்டு இறங்கும், வரேக்க காத்தே தள்ளிக்கொண்டு வந்து விடும், அதால பாதி வழியில பயந்து திரும்பத் தேவையில்லை, பின்னேரம் காத்து விழுந்தாலும் 28 கணக்கில வந்து சேரலாம்.

அதால நான் பாக்கிற ரூட் ஆப் எண்டா காத்துக் காட்டுற Windy தான். திரும்பிற நேரத்துக்கு நகர்த்திப் பாருங்கோ, போற நேரத்துக்கு இல்லை. அதில வேகம் நொட்டில காட்டும், 10, 11 நொட் எண்டா மணிக்கு கிட்டத்தட்ட 20 கிலோமீற்றர், அந்தளவு எதிர்காத்துக்குத்தான் மேல சொன்ன 40 வாற்-அவர் செலவு. அதுக்கு மேல எண்டா வேகத்தை 30க்குக் குறையுங்கோ, செலவு நல்லா இறங்கும். மீற்றர் பாருக்கும் ஒரு சொல்: எதிர்காத்தில முறுக்கேக்க வோல்ற் விழுந்து ரெண்டு பார் காணாமப் போகும், நிப்பாட்டி ரெண்டு நிமிசம் கழிச்சுப் பார்த்தா ஒண்டு திரும்பி வரும். நிண்டு பார்க்கிறதுதான் கணக்கு.

டவுனுக்குள்ள ரூட் ஆப்பே தேவையில்லை, கிட்டப் பாதை எண்டு மணல் ஒழுங்கையளுக்குள்ள விட்டிடும்.

ஒரு மணித்தியாலம் கடையில குத்தினா 400 வாற்-அவர் மட்டில ஏறும், எதிர்காத்தில 10 கிலோமீற்றர். கறண்டில அரை யூனிற்றும் வராது, நான் 100 ரூபா குடுத்து ஒரு பிளேன்ரீயும் குடிக்கிறது. மழைக்காலத்தில சார்ஜரை நிலத்தில வைக்காம கதிரையில வையுங்கோ.