நான்கு வருடம் ஓடிய டயர்: போட்டோவில் நன்றாகத்தான் இருந்தது

என் காரில் இருக்கும் அதே டயரை வாங்கப் போவதாகச் சொன்ன நண்பர், "உங்க டயர் பட்டனை கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்த்துக்கிறேன்" என்றார். முன் இடது டயரை எடுத்து அனுப்பினேன். "அடடா, புதுசு மாதிரி இருக்கே!" என்று பதில் வந்தது. எனக்கும் பெருமைதான். 38,000 கிலோமீட்டர் ஓடிய டயர்.

அந்தப் போட்டோவை வைத்து அவர் கணக்கிட்டதில் தப்பில்லை. நீளவாக்கில் ஓடும் பெரிய பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயரின் பக்கச் சுவரில் TWI என்றோ சின்ன முக்கோணமாகவோ குறி இருக்கும். அந்த நேரில் தேடினால் மேடு கிடைக்கும். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. போட்டோவுக்குள்ளேயே கிடைக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். மேட்டின் தலைக்கு மேல் அதைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளி தெரிந்தால், மொத்த ஆழம் சுமார் 4 மி.மீ. நண்பரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் சாய்வாக, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுத்தால்தான் இது தெரியும். நேர் எதிரே ஃபிளாஷ் போட்டு எடுத்தால் பள்ளத்தின் நிழல் செத்துவிடும். அரை மொட்டையும் புதுசும் ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒரு சந்தேகத்தில் டெப்த் கேஜை வைத்துப் பார்த்தேன். வெளி ஓரப் பள்ளம் 4.2, நடுவில் 4.0. கையை உள்ளே விட்டு உள் ஓரத்தில் வைத்தால் 1.9. திரும்பவும் வைத்தேன், 1.9தான். புதிதில் எல்லாமே 8 மி.மீ. இருந்த டயர்.

கார் நேராக நிற்கும்போது வெளியிலிருந்து போட்டோ எடுத்தால் வெளிப்பக்கப் பள்ளங்கள்தான் விழும். உள் ஓரம் வண்டிக்கு அடியில் மறைந்துவிடும். முன் சக்கரங்கள் வெளிப்பக்கமாக லேசாக விரிந்திருந்தால் தேய்வது அந்த ஓரம்தான். அலைன்மென்ட் பார்த்தபோது என் வண்டியிலும் அதுவே. ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வைத்துவிட்டு எடுத்திருந்தால் முழு அகலமும் விழுந்திருக்கும். அப்படியும் பட்டன் முனைகள் ரம்பம்போல் ஒரு பக்கம் கூர்ந்திருப்பது படத்தில் சரியாகத் தெரியாது. உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும்.

சரி, உள் ஓரத்தையும் எடுத்து அனுப்பினால் போதுமா என்றால், போதாது. இந்த டயரில் என்னைப் போகப்போக எரிச்சலூட்டியது எந்தப் போட்டோவிலும் வராது. முதல் வருடம் மழையில் பிரேக் அடித்தால் பிடித்த இடத்தில் நிற்கும். இப்போது அதே ஈரத்தில் ஏ.பி.எஸ். சீக்கிரமே கடகடக்கிறது. பள்ளம் குறைந்தது ஒரு காரணம். 1.6 சட்டக் கணக்குதான். ஈரத்தில் பிடிமானம் அதற்கு வெகு முன்பே, 3 மி.மீ.க்குக் கீழே போகும்போதே நன்றாகக் குறைந்துவிடும். ரப்பர் இறுகியது இன்னொரு காரணம். நகத்தால் அழுத்தினால் முன்போல் உள்வாங்குவதில்லை. வயதைச் சொல்வது பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கம்: 3120 என்றால் 2020இன் 31வது வாரம். சில டயர்களில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தால் வெளியிலிருந்து எடுத்த படத்தில் தேடிப் பயனில்லை.

காற்றுக் குறைவாக ஓட்டி உள்ளே நூல் அறுந்திருந்தாலும், உள் சுவரில் புடைப்பு இருந்தாலும் பட்டன் அழகாகத்தான் போஸ் கொடுக்கும். டயரைக் கழற்றி உட்புறம் பார்ப்பவர்தான் அதைச் சொல்ல முடியும்.

நியாயமாகச் சொன்னால் டயர் நல்ல டயர். வெளி ஓரத்தில் 38,000 கிலோமீட்டருக்கு நாலு மி.மீ. கூடத் தேயவில்லை. சத்தம் குறைவு, ஒரு பஞ்சர்கூட இல்லை. உள் ஓரம் போனது நான் அலைன்மென்டைத் தள்ளிப் போட்டதால். ரப்பருக்கு வயதானது யாருடைய குற்றமும் இல்லை. இருந்தாலும் முன் இரண்டையும் மாற்றும்போது வேறு டயர்தான் போட்டேன். தேயாமல் கிடந்து என்னை நம்ப வைத்துவிட்டது என்கிற கோபம், வேறென்ன. நண்பர் இதையே வாங்கிவிட்டார். பட்டனைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், நேர் எதிரே ஃபிளாஷ் போட்டு.