ஆள் எடுக்கும் பழைய சக ஊழியருக்கு ஃப்ரீலான்சர் எழுதும் கடிதம்: நான்கு வகைகளில் எது நல்லது?

பாடநூல் பதிப்பகம் ஒன்றில் உங்களோடு சில ஆண்டுகள் வேலை பார்த்தவர், இப்போது ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்தில் தமிழ் உள்ளடக்கப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறார். இரண்டு எடிட்டர்கள் தேவை என்று அவருடைய பிரிவிலிருந்து விளம்பரம் வந்திருக்கிறது. நீங்களோ வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பிரதி செம்மையாக்கம் செய்துவருகிறவர். அந்த நாற்காலி உங்களுக்கு வேண்டாம், ஆனால் அங்கே குவிந்திருக்கும் வேலையில் ஒரு பங்கைச் செய்ய முடியும். இதை எப்படி எழுதித் தெரிவிப்பது? வழக்கத்தில் உள்ள நான்கு வகைக் கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன் அந்த விளம்பரத்தைச் சரியாகப் படித்துக்கொள்ள வேண்டும். முழுநேர வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றால் சம்பளத்துக்கு நிதி ஒதுக்கியாகிவிட்டது என்று பொருள். வெளியாளுக்குத் தரும் கட்டணம் பெரும்பாலும் வேறொரு கணக்கிலிருந்து போகும். அதில் கையெழுத்திடும் அதிகாரம் உங்கள் பழைய தோழருக்கு இல்லாமலும் இருக்கலாம். இன்னொன்று, தேர்வானவர் மறுநாளே வந்து உட்காரப் போவதில்லை. நேர்காணல்கள் முடிந்து ஆளை உறுதிசெய்த பிறகும், பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் ஒரு மாதம் முதல் மூன்று மாதம்வரை ஓடும். அதற்காகப் பாடங்கள் வெளியாகும் தேதியைத் தள்ளிவைக்க மாட்டார்கள். ஃப்ரீலான்சருக்கு இடம் இருப்பது அந்த இடைவெளியில்தான்.

முதல் வகை, நலம் விசாரித்து எழுதுவது. "எப்படி இருக்கிறீர்கள் அக்கா? பேசி ரொம்ப நாளாகிவிட்டது. நீங்கள் பெரிய பொறுப்புக்கு வந்ததில் மிகவும் மகிழ்ச்சி. நான் இப்போது தனியாகத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்." நம்மில் பெரும்பாலோர் எழுதுவது இதைத்தான், பணிவான கடிதம் என்றும் நம்புகிறோம். எனக்கு நான்கிலும் பாரமான கடிதம் இதுதான் என்று படுகிறது. 'ஏதாவது' என்றதுமே தேடும் வேலை அவருடையதாகிவிடுகிறது. எந்தப் பாடம், எந்த வகுப்பு, திருத்தமா மொழிபெயர்ப்பா, எத்தனை நாளில் முடியும், எவ்வளவு ஆகும் என்று ஒன்றும் தெரியாமல், தன் வேலைகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று அவர் யோசிக்க வேண்டும். யோசிக்க நேரமில்லாதவர் "கட்டாயம் சொல்கிறேன்" என்று பதில் போடுவார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு செய்தியும் கொடுத்த கடனை நினைவூட்டுவது போல ஆகிவிடும். சலுகை கேட்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லாத கடிதம், கேட்பதைவிட அதிகமாகக் கேட்டுவிடுகிறது.

இரண்டாவது, தன்விவரக் குறிப்பை இணைத்து விண்ணப்பம்போல அனுப்புவது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நேராக மனிதவளப் பிரிவுக்குப் போய், நூறோடு நூற்றொன்றாகச் சேர்ந்துவிடும். அங்கிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், நீங்கள் மறுக்க வேண்டிய சங்கடம் வேறு. முழுநேர வேலையானாலும் சரி என்று உள்ளூர நினைக்கிறவர் முறையாகவே விண்ணப்பித்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடிதம் எழுதினால் இரண்டு பக்கமும் குழப்பம்தான்.

மூன்றாவது வகை, திறமையைக் காட்டுவது. நிறுவனத்தின் தளத்தில் வெளியான பாடங்களைப் படித்து, பிழைகளைச் சுட்டி, "இவற்றை நான் திருத்தித் தர முடியும்" என்று எழுதுவது. திறமை உடனே தெரியும் என்பது உண்மை. எடுத்துக்காட்டாக, ஒரே பாடத்தில் ஓரிடத்தில் 'முடுக்கம்' என்றும், சில பத்திகள் தள்ளி 'ஆர்முடுகல்' என்றும் வருகிறது. முன்னது தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு, பின்னது இலங்கை வழக்கு. 'ஒளிச்சேர்க்கை', 'ஒளித்தொகுப்பு' இரண்டும் அப்படியே. வெவ்வேறு இடங்களில் படித்த இருவர் எழுதிய பகுதிகளை ஒட்டவைத்ததும் யாரும் கலைச்சொற்களை ஒருமுகப்படுத்தவில்லை என்பது தேர்ந்த கண்ணுக்குப் பட்டுவிடும். ஆனால் அந்தப் பாடத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் உங்கள் தோழராகவே இருந்தால்? உங்கள் கடிதத்தை அவர் மேலதிகாரிக்கு அனுப்ப முடியாது; அனுப்பினால் தன் குறையைத் தானே எடுத்துக் கொடுத்ததாகும். அவருக்கு அந்த நிலையை உண்டாக்குவது நட்புக்கும் அழகல்ல, தொழிலுக்கும் அழகல்ல. அதே திறமையை வேறு வழியில் காட்டலாம்.

நான்காவது, இடைவெளிக் காலத்தைக் குறிவைத்து எழுதுவது. என் தேர்வு இதுதான். முழுக் கடிதத்தையும் தருகிறேன்.

> அன்புள்ள அக்கா,
>
> நலம்தானே? உங்கள் பிரிவுக்கு இரண்டு எடிட்டர்கள் எடுக்கும் விளம்பரத்தைப் பார்த்தேன். நான் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. தனியாகச் செய்வதையே தொடர்கிறேன். புதியவர்கள் வந்து சேரும்வரை வெளியாள் தேவைப்பட்டால் பயன்படும் என்று கீழே என் விவரங்களைத் தந்திருக்கிறேன். தேவை இல்லையென்றால் பதில் எழுதவும் வேண்டியதில்லை.
>
> பணி: 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான அறிவியல் பாடங்களின் தமிழ்ப் பிரதியைச் செம்மையாக்கி, கலைச்சொற்களை ஒருமுகப்படுத்தித் தருகிறேன். மொழிபெயர்ப்பும் கணிதப் பாடமும் செய்வதில்லை.
>
> வேகம்: நாளுக்குச் சுமார் 3,000 தமிழ்ச் சொற்கள்.
>
> நேரம்: ஜூலை 7 முதல் ஆகஸ்ட் கடைசிவரை, வாரத்துக்கு நான்கு நாட்கள். பாடத்துக்கு 3,000 சொற்கள் வீதம் 12 பாடங்கள் கொண்ட ஒரு புத்தகத்தை மூன்று வாரத்தில் முடிக்கலாம்.
>
> கட்டணம்: தமிழ்ச் சொல்லுக்கு இத்தனை ரூபாய். ஒரு முழுத் திருத்தமும், உங்கள் குறிப்புகளுக்குப் பின் ஒரு மறுபார்வையும் இதில் அடங்கும்.
>
> பில்: பான் எண் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லை.
>
> மாதிரி: திருத்தத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பக்கங்கள் இணைப்பில் உள்ளன.
>
> அன்புடன்,

முதல் பத்தி அவருக்கு மட்டும் எழுதியது. அலுவலகத்தில் அக்கா என்று அழைத்துப் பழகியவரை இங்கே திடீரென்று 'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு' என்று விளிப்பது பொய்யாகத் தெரியும். 'பணி' என்று தொடங்கும் இடத்திலிருந்து உறவுமுறையும் இல்லை, பழைய நினைவுகளும் இல்லை. அவர் முதல் பத்தியை மட்டும் நீக்கிவிட்டு, மீதியை அப்படியே கணக்குப் பிரிவுக்கோ மேலதிகாரிக்கோ அனுப்பலாம். முடிவெடுப்பவர் வேறொருவர் என்றால் கடிதம் அவரிடம் போகும் நிலையில் இருக்க வேண்டும் அல்லவா?

'விண்ணப்பிக்கவில்லை' என்ற சொல்லை எடுத்துவிட்டால் கடிதம் இரண்டாம் வகையாக மாறிவிடும். 'செய்வதில்லை' என்ற வரியைச் சிலர் தயங்கி விட்டுவிடுவார்கள். வாய்ப்பு குறையுமே என்ற பயம். என் அனுபவத்தில் மற்ற வரிகளுக்கு நம்பகத்தன்மை தருவதே அந்த வரிதான். எல்லாம் செய்வேன் என்று எழுதுகிறவருக்கு எதைக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது.

கட்டணத்தில் 'தமிழ்ச் சொல்லுக்கு' என்று குறிப்பிடுவது அவசியம். ஆங்கிலத்தில் ஆறு சொற்களில் வரும் செய்தியைத் தமிழில் 'பள்ளிக்குச் செல்லவில்லை' என்று இரண்டே சொற்களில் எழுதிவிடுகிறோம். ஆங்கில மூலத்தின் சொற்களை எண்ணுவதா, தமிழ்ப் பிரதியின் சொற்களை எண்ணுவதா என்று முதலிலேயே சொல்லாவிட்டால், பில் அனுப்பும் நாளில் இருவர் கணக்கும் ஒட்டாது. அதில் மனக்கசப்பு வந்தால் இழப்பது ஒரு பில்லை மட்டுமல்ல, பழைய நட்பையும்தான். கட்டணத்தை எழுதாமல் 'பேசிக்கொள்ளலாம்' என்று விடுவதும் ஒரு வழி. தெரியாதவருக்கு எழுதும்போது அதில் தவறில்லை. தெரிந்தவருக்கு எழுதும்போது அது அவரைப் பேரம் பேச வைக்கிறது. குறைத்துக் கேட்டால் நீங்கள் வருந்துவீர்களோ என்ற தயக்கமும் அவருக்கு வரும். எண்ணை எழுதிவிட்டால் ஒத்துவருமா வராதா என்று தனிமையில் முடிவெடுத்துக்கொள்வார்.

சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தமிழ்நாட்டில் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சில நிறுவனங்கள் பதிவு பெற்றவர்களோடு மட்டுமே பணியாற்றும் என்பதால் இதை முன்பே சொல்லிவிடுவது அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாம் வகைக் கடிதத்தின் பலம் மாதிரிப் பக்கத்தில் வந்து சேர்கிறது. வேறொரு வாடிக்கையாளரின் வெளிவராத பக்கங்களை எடுத்து இணைக்கக் கூடாது. நாளை தன் பக்கங்களும் இப்படித்தான் ஊர் சுற்றும் என்று அவர் நினைப்பார். வழக்கமான பிழைகள் உள்ள ஒரு பத்தியை நீங்களே எழுதித் திருத்துங்கள். ஒற்றுப் பிழை திருத்தியதைக் காட்டினால் மட்டும் போதாது, அதை எல்லோரும் காட்டுவார்கள். 'பொருளின் வேகம் மாறும் வீதமே முடுக்கம்' என்ற வரியில் 'வேகம்' என்பதை 'திசைவேகம்' என்று மாற்றி, ஓரத்தில் 'வட்டப் பாதையில் சீரான வேகத்தில் செல்லும் பொருளுக்கும் முடுக்கம் உண்டு' என்று காரணத்தையும் எழுதிவைத்தால், பொருள் அறிந்து திருத்துகிறவர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். அது அவருடைய பாடத்தில் வந்த பிழை அல்ல என்பதால் யார் முகமும் வாடாது.

வாட்ஸ்அப்பா மின்னஞ்சலா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கடிதம் அலுவலக மின்னஞ்சலுக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் அதற்குப் பிறகு "ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன் அக்கா, நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்ற ஒரு வரி போதும்.

வரும் பதிலை வைத்து, கடிதம் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்று கண்டுகொள்ளலாம். "தன்விவரக் குறிப்பு அனுப்புங்கள்" என்றாலோ, "மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்" என்றாலோ, அவர் வேலை விண்ணப்பமாகப் படித்திருக்கிறார். வெளியாளாக மட்டுமே செய்ய இயலும் என்று உடனே ஒரு வரியில் தெளிவுபடுத்துங்கள். "ஒரு பாடத்துக்கு மொத்தம் எவ்வளவு வரும்?" என்று கேட்டால் கடிதம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. வெளியாட்களுக்குப் பாடங்களைத் தருவதே இல்லை என்ற விதி உள்ள நிறுவனமானால், எந்த வகைக் கடிதமும் அங்கே பயன்படாது.

பதிலே வராவிட்டால், புதிய செய்தி இருந்தால் மட்டும் இன்னொரு முறை எழுதலாம். 'ஆகஸ்டில் இரண்டு வாரம் வேறு பணிக்குப் போய்விட்டது, செப்டம்பர் முழுவதும் காலி' என்பது அவர் திட்டமிட உதவும் தகவல். 'என் கடிதத்தைப் பார்த்தீர்களா?' என்று கேட்டால், பதில் வேண்டாம் என்று முதல் கடிதத்தில் நீங்கள் கொடுத்த வாக்கை நீங்களே மீறுவதாகிவிடும்.