அரைக்கோளக் குவிமாடத்துக்கு எவ்வளவு கான்கிரீட்? ஒரே கூரைக்கு நான்கு கணக்குகள்

ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஒரு குவிமாடம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியான அரைக்கோளம். உள் ஆரம் 3 மீட்டர், ஓட்டின் தடிமன் 10 சென்டிமீட்டர். அடியில் வரும் வளைய பீமைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓட்டுக்கு மட்டும் எத்தனை கன மீட்டர் கான்கிரீட் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 2.83 என்று பதில் எழுதிய மதிப்பீட்டுத் தாள் ஒன்றை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தளத்தின் பரப்பைத் தடிமனால் பெருக்கியிருந்தார்கள். தட்டையான கூரைக்குப் போட்டுப் பழகிய கை அப்படித்தான் போடும். பக்கத்தில் நின்ற மேஸ்திரி தாளைப் பார்த்துவிட்டு, "சார், இது தரையை மூடத்தான் காணும், மாடத்தை மூடக் காணாது" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. வட்டத் தரையின் பரப்பு πr². அதன்மேல் நிற்கும் அரைக்கோளத்தின் பரப்பு 2πr². அதாவது அந்தத் தாளில் கிட்டத்தட்ட பாதிக் கான்கிரீட்தான் இருந்தது. இந்த முறையை இத்தோடு விட்டுவிடலாம்.

மிச்சம் மூன்று. முதலாவது, எல்லாரும் பள்ளியில் படித்தது: வெளி அரைக்கோளத்திலிருந்து உள் அரைக்கோளத்தைக் கழிப்பது. இரண்டாவது, உள் பரப்பைத் தடிமனால் பெருக்குவது. மூன்றாவது, ஓட்டின் நடுக்கோட்டில் ஓடும் பரப்பைத் தடிமனால் பெருக்குவது. r உள் ஆரம், R வெளி ஆரம், t தடிமன்:

```
V1 = (2/3)·π·(R³ − r³)     = 5.845
V2 = 2·π·r²·t              = 5.655
V3 = 2·π·(r + t/2)²·t      = 5.845
```

கழித்தல் முறைதான் துல்லியமானது. உள் பரப்பு முறையில் 0.19 கன மீட்டர் குறைகிறது. 1:1½:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் போகும் என்பதால், இந்தக் குறை ஒன்றரை மூட்டை. மாடம் உச்சியை நெருங்கும் நேரத்தில் ஒன்றரை மூட்டைக்கு ஆள் அனுப்புவது எந்த மேஸ்திரிக்கும் பிடிக்காது. அதற்குள் முன்பு போட்டது இறுகத் தொடங்கினால் அங்கே ஓர் இணைப்புக்கோடு விழும், மழைக்காலத்தில் அந்தக் கோட்டில்தான் ஈரம் கசியும்.

நடுப்பரப்பு முறையோ மூன்று தசமம் வரை கழித்தல் முறையோடு ஒத்துப்போகிறது. இது தற்செயல் இல்லை. இரண்டையும் விரித்து எழுதிக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் πt³/6 என்று வரும். அதில் ஆரமே இல்லை! தடிமன் அளவு விட்டமுள்ள ஒரு சின்ன உருண்டையின் கன அளவு அது. நம் மாடத்துக்கு 10 சென்டிமீட்டர் உருண்டை, அரை லிட்டருக்குச் சற்று மேல். மாடம் எவ்வளவு பெரிதானாலும் 10 சென்டிமீட்டர் ஓட்டுக்கு அந்த அரை லிட்டர்தான் குறையும். தடிமனை 1 மீட்டர் என்று வைத்தால்கூட, அதே 3 மீட்டர் ஆரத்துக்கு, பிழை நூற்றுக்கு ஒன்றை எட்டுவதில்லை. உள் பரப்பு முறையோ அங்கே நூற்றுக்கு 27 குறைத்துச் சொல்லும்.

அப்படியானால் துல்லியமான கழித்தல் முறையையே எப்போதும் வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம், ஆனால் மெல்லிய ஓடுகளில் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஜெர்மனியின் யேனா நகரில் 1922-இல் ட்சைஸ் தொழிற்சாலைக் கூரைமேல் கட்டிய கோளரங்க மாடம் நல்ல உதாரணம். விட்டம் 16 மீட்டர், கான்கிரீட் ஓடு வெறும் 3 சென்டிமீட்டர். 16 மீட்டரை உள் விட்டமாகவும் மாடத்தை முழு அரைக்கோளமாகவும் எடுத்துக்கொண்டால் R³ = 517.78, r³ = 512. இரண்டு பெரிய எண்களைக் கழித்து 5.78 என்ற சின்ன எண்ணைப் பிடிக்கிறோம். யாராவது 517.78 என்பதை 518 என்று முழுமையாக்கிவிட்டால் கழிவு 6 ஆகிவிடும். 12.11 கன மீட்டர் வரவேண்டிய இடத்தில் 12.57 வரும். ஓர் எண்ணை ஆயிரத்தில் அரைப் பங்கு கூட மாற்றவில்லை, விடை நூற்றுக்கு நான்கு நகர்ந்துவிட்டது. நடுப்பரப்பு முறையில் கழித்தலே இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது. மதிப்பீட்டுக்கு நான் எடுப்பது அதைத்தான்.

கணக்குப் போடுமுன் வரைபடத்தில் உள்ள 6 மீட்டர் உள் விட்டமா வெளி விட்டமா என்று கேட்டுவிடுங்கள். வெளி விட்டம் என்றால் கான்கிரீட் 5.47 கன மீட்டராகக் குறையும். மூன்று சூத்திரங்களுக்குள் வரும் எந்த வித்தியாசத்தையும்விட இது பெரிது.

இதையும் தாண்டுகிற ஒன்று தடிமன். 10 சென்டிமீட்டருக்குப் பதில் 11 விழுந்தால் 0.6 கன மீட்டர், சுமார் ஐந்து மூட்டை, கூடுதலாகப் போய்விடும். இது நடக்கும் இடம் பெரும்பாலும் அடிப்பகுதி. அங்கே மாடம் கிட்டத்தட்ட செங்குத்துச் சுவர் மாதிரி நிற்கிறது. வெளிப்பக்கமும் பலகை அடைக்காவிட்டால் ஈரக் கான்கிரீட் மேலிருந்து வழிந்து கீழே வந்து தடிக்கும், மேலே மெலியும். முடிந்தபின் பார்வைக்கு எதுவும் தெரியாது.

இதை வேலை நடக்கும்போதே பிடிக்க நான்காவது கணக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாடத்தை எந்த உயரத்தில் கிடையாக வெட்டினாலும், உள்ளே வெற்றிடம் இருக்கும்வரை, வெட்டில் தெரியும் கான்கிரீட் வளையத்தின் பரப்பு ஒன்றேதான்: π(R² − r²). மேலே போகப் போக வளையம் சிறுக்கிறது, ஆனால் ஓடு சாய்வதால் வெட்டு அகலமாகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்டிவிடுகின்றன. நம் மாடத்தில் அந்தப் பரப்பு 1.916 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு அரை மீட்டர் உயரத்துக்கும் 0.958 கன மீட்டர், அடியிலும் அதே, உச்சிக்குப் பக்கத்திலும் அதே. ஆறு அரை மீட்டர்கள் 5.749, உச்சியில் மிஞ்சும் 10 சென்டிமீட்டர் தொப்பி 0.096. கூட்டினால் அதே 5.845.

தளத்தில் இதன் பயன் என்ன? ஒரு மூட்டைக் கலவை சுமார் 125 லிட்டர் கான்கிரீட் தருகிறது என்றால், ஒவ்வொரு அரை மீட்டருக்கும் எட்டுக்குச் சற்றுக் குறைவான கலவை போகவேண்டும். சிந்தியதையும் சேர்த்து எட்டு என்று வையுங்கள். முதல் அரை மீட்டருக்கே ஒன்பது போயிருந்தால் அங்கேயே நிறுத்தி, கம்பியைக் குத்தித் தடிமனைப் பார்க்கவேண்டும். அடியில் ஓடு தடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் உள் சென்ட்ரிங் எங்கோ இறங்கியிருக்கிறது. இரண்டாவது என்றால் கான்கிரீட் போடுவதை விட்டுவிட்டு முதலில் முட்டுகளைப் பார்க்கவேண்டும்.

அரை மீட்டரை மட்டும் மாடம் உட்காரும் மட்டத்திலிருந்து நேர் உயரமாக அளக்கவேண்டும். டேப்பை வளைவின்மேல் படுக்கவைத்து அளந்தால் அடி வளையத்துக்கும் மேல் வளையத்துக்கும் அளவு மாறிப்போகும். சென்ட்ரிங் அடித்து முடித்ததும், கம்பி கட்டுமுன், பலகையின்மேல் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் டியூப் லெவல் வைத்துச் சுண்ணக்கோடு போட்டுவிட்டால் போதும்.