மயிலிறகுப் பக்கத்துக்கு கலர் பென்சிலா, மார்க்கரா?

வண்ணம் தீட்டும் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றோடொன்று இழையுமா, முட்டிக்கொள்ளுமா என்று பார்க்க மயிலிறகை விட நல்ல சோதனை கிடையாது. கண்ணின் நடுவில் கருநீலம், அதைச் சுற்றி மயில்நீலம், அடுத்து செம்புப் பழுப்பு, வெளியே பொன்பச்சை. சண்டை மயில்நீலத்துக்கும் செம்புப் பழுப்புக்கும் இடையில்தான். செம்புப் பழுப்பு என்பது மங்கிய ஆரஞ்சு. ஆரஞ்சும் நீலமும் எதிர் நிறங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் சேற்றுச் சாம்பல்தான் மிஞ்சும். எவ்வளவு விலை உயர்ந்த பென்சில் வாங்கினாலும் இது மாறாது.

ஆகவே இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு பாலம் போல ஒரு நிறம் வேண்டும். நீலத்திலிருந்து பச்சை, பச்சையிலிருந்து மஞ்சள், அங்கிருந்து பழுப்பு என்று போனால் எந்த இடத்திலும் எதிர் நிறங்கள் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. ஃபேபர்-காஸ்டெல் பாலிக்ரோமோஸ் பென்சில்களில் இதற்கு நாலே எண்கள் போதும்: 153 (கோபால்ட் டர்க்காய்ஸ்), 170 (மே கிரீன்), 107 (காட்மியம் மஞ்சள்), 283 (பர்ன்ட் சியன்னா).

முதலில் 107ஐ பால வளையத்திலும் பழுப்பு வளையத்திலும் மெல்லிசாகப் பூசுங்கள். நீல வளையத்துக்குள் மஞ்சள் போகக் கூடாது, போனால் மயில்நீலம் பச்சையாகிவிடும். அடுத்து 153ஐ உள்ளேயிருந்து தொடங்கி, பாலத்தின் பாதி வரும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். பாலம் முழுக்க 170. கடைசியில் 283ஐ வெளியிலிருந்து உள்நோக்கி, அதுவும் பாலத்தின் ஓரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அடியில் பொதுவாக மஞ்சள் இருப்பதால் பச்சையும் பழுப்பும் ஒரே குடும்பம் போலத் தெரியும். முழுச் சுற்றையும் இதே வரிசையில் இன்னொரு முறை மெல்லப் பூசுவது, ஒரே முறை அழுத்திப் பூசுவதை விட எப்போதும் மேல்.

நடுக் கருநீலத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. அல்ட்ராமரீன் (120) சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். அதோடு மஞ்சளோ மஞ்சள்பச்சையோ சேர்ந்தால் மங்கிய பாசி நிறம்தான் வரும். பச்சையைத் தொடப்போகும் நீலத்துக்கு, பச்சைப் பக்கம் சாய்ந்த தாலோ புளூ (110) சரி. ஊதாவைத் தொடும் இடத்தில் அல்ட்ராமரீன் அழகு. டப்பா வாங்கும்போது ஒரே நீலம்தான் இருக்கிறதென்றால், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று மஞ்சளோடு ஒரு துண்டுத் தாளில் உரசிப் பாருங்கள்.

தாள்தான் அடுத்த தடை. சாதாரண ஜெராக்ஸ் தாள் வழவழப்பு. மூன்று நாலு பூச்சுக்கு மேல் நிறம் ஏறாது, பென்சில் வழுக்கிக்கொண்டு போகும், பளபளப்பு வந்துவிடும். அப்போது அழுத்தினால் தாள்தான் கெடும். படத்தை நீங்களே பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாளில் எடுங்கள்.

இனி ஆல்கஹால் மார்க்கர். இது புதிதாக விழும் மையால் பழைய மையைக் கரைத்துக் கலக்கும். ஒரே குடும்பத்து நிறங்களுக்கு இதைப் போல மென்மையான கலப்பு பென்சிலில் வராது. காப்பிக் மார்க்கர் மூடியில் உள்ள எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்லும். முதல் இலக்கம் நிறம் எவ்வளவு மங்கல் என்பதையும், கடைசி இலக்கம் எவ்வளவு அடர்த்தி என்பதையும் சொல்லும். நீலப்பச்சைக் குடும்பமான பிஜியில் 10, 13, 15 மூன்றும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். ஆனால் அதே குணம்தான் நீலத்துக்கும் பழுப்புக்கும் எமன்: ஈரத்தில் இரண்டும் தொட்டால் நீங்கள் நிறுத்துவதற்கு முன்பே கலந்துவிடும். ஒரு வளையம் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மை கோட்டைத் தாண்டிப் பரவும் என்பதால் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே நிறுத்துங்கள். இருண்ட நிறத்தைத் தொட்ட மஞ்சள் முனையைத் துண்டுத் தாளில் தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால், அடுத்த கோடு அழுக்கு மஞ்சள்தான். பின்பக்கமும் படம் அச்சிட்ட புத்தகத்தில் இதைத் தொடவே வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.

இந்தப் பக்கத்துக்கு என் தீர்ப்பு: நீல வளையத்துக்கு வெளிர் மார்க்கர் அடிப்பூச்சு, மற்றதெல்லாம் அதன் மேல் பென்சில். வரிசையை மாற்ற வேண்டாம். பென்சில் மெழுகின் மேல் மார்க்கர் ஓட்டினால் முனை அடைத்துக்கொள்ளும்.

நாள்பட்ட வேறுபாடும் உண்டு. மெழுகு அதிகமுள்ள மெத்தென்ற பென்சில்கள் சீக்கிரம் இழையும். ஆனால் அழுத்திப் பூசிய கருநீலத்தின் மேல் சில வாரங்களில் வெண்மூட்டம் போல மெழுகு படரும். மெல்லிய துணியால் துடைத்தால் போகும், பிறகு நிறத்தின் மேல் காப்புப் படலம் போடும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே அடித்தால் திரும்ப வருவது குறையும். பாலிக்ரோமோஸ் எண்ணெய் வகை என்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு, பதிலுக்கு நிறம் ஏற்ற இன்னும் இரண்டு பூச்சு பொறுமை வேண்டும். ஆல்கஹால் மார்க்கரின் சாயம் வெயிலில் மங்கும். சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் பென்சிலே போதும்.